‘உரிய நேரம்’ எப்போது வரும்? திருப்பி அனுப்பிய ஒரு கட்டுரையின் நிகழ்வு ஆய்வு

‘சைக்கிள் செயின் பராமரிப்பு’ என்ற தலைப்பில் வந்த அந்தக் கட்டுரையில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. சந்தி சுத்தம். பத்திகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைத்தலைப்பு. எழுதியவர் பல வருடமாக சைக்கிள் பழுது பார்ப்பவர். கைத்தொழில்கள் பற்றிய எங்கள் சிறு இதழுக்கு முதல்முறையாக எழுதுகிறார். முதலில் படித்த உதவி ஆசிரியர், “நல்லாத்தான் இருக்கு, ஆனா படிச்சு முடிச்சதும் ஒண்ணும் நிக்கலை” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இது இயந்திரம் எழுதிக் கொடுத்த வரைவு என்ற சந்தேகம் இரண்டு பேருக்குமே வந்துவிட்டது.

தொடக்கப் பத்தி இது:

“இன்றைய வேகமான உலகில், சைக்கிள் என்பது வெறும் போக்குவரத்துச் சாதனம் மட்டுமல்ல, அது ஆரோக்கியமான வாழ்க்கைமுறையின் ஒரு முக்கிய அங்கமாகும். சைக்கிளின் சீரான இயக்கத்தில் செயின் மிக முக்கியப் பங்கு வகிக்கிறது. முறையான பராமரிப்பு செயினின் ஆயுளை நீட்டிப்பதோடு, தேவையற்ற செலவுகளைத் தவிர்க்கவும், பாதுகாப்பான பயணத்தை உறுதி செய்யவும் உதவுகிறது.”

இதைப் பார்த்ததும் ‘இன்றைய வேகமான உலகில்’, ‘வெறும்… மட்டுமல்ல, அது…’, ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’ என்று அடையாளங்களைப் பட்டியல் போட்டு, இயந்திரம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் செய்வதில்லை. இந்தத் தொடர்களையெல்லாம் இயந்திரம் நம்மிடமிருந்துதான் எடுத்தது. மேடைப்பேச்சிலும் ஆண்டுவிழா மலரிலும் இவை எப்போதோ வந்துவிட்டவை. பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்து எழுதியே வளர்ந்தவர்கள் நாம். இயந்திரத்தைத் தொட்டே பார்க்காத ஒருவர், ‘எழுத்து’ என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து இதே பத்தியைத் தன் கையால் எழுதியிருக்கலாம்.

கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பார்க்கலாமே என்றார் உதவி ஆசிரியர். வேண்டாம் என்றேன். 2023 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகச் சொன்னது. இந்த எண்களை அவர்களே வெளியிட்டார்கள். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இன்னும் மோசமாக வேலை செய்யும் என்றும் எச்சரித்தார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே வருடம் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை அவை இயந்திரம் எழுதியதாகக் காட்டின. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். முதல்முறையாக எழுத வருகிற ஒரு மெக்கானிக்கை அந்த மாதிரித் தராசில் நிறுத்தக்கூடாது. கருவி ‘ஆம்’ என்று சொன்னாலும் அவரிடம் நான் எதைக் காட்டிப் பேசுவது? ஒரு சதவீத எண்ணையா?

நான் செய்து பார்ப்பது வேறு. பத்தியில் உள்ள பொருளின் பெயரை மட்டும் மாற்றி வாசிப்பேன். மேலே உள்ள பத்தியில் ‘சைக்கிள்’ வரும் இடத்தில் ‘தையல் மெஷின்’, ‘செயின்’ வரும் இடத்தில் ‘பெல்ட்’ என்று போட்டால், ‘போக்குவரத்துச் சாதனம்’, ‘ஆரோக்கியமான’, ‘பயணம்’ போன்ற சில சொற்கள்தான் இடறும்; மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். கட்டுரை முழுவதையும் இப்படிப் பார்த்தேன். பெயர் மாற்றத்துக்கு ஈடுகொடுக்காமல், சைக்கிள் செயினுக்கு மட்டுமே பொருந்திய வாக்கியங்கள் சிலதான். தப்பான வாக்கியம் ஒன்றும் கட்டுரையில் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதற்கிடையில் உதவி ஆசிரியர் அவருக்கு ஒரு வரியில் பதில் அனுப்பியிருந்தார்: “கட்டுரை பொதுவாக இருக்கிறது, உங்கள் சொந்த அனுபவத்தைச் சேர்த்து அனுப்புங்கள்.” எல்லா ஆசிரியர்களும் சொல்கிற அறிவுரைதான். இரண்டே நாளில் இரண்டாவது வரைவு வந்தது. பழைய கட்டுரை அப்படியே இருந்தது. தலையில் மட்டும் ஒரு தாத்தா முளைத்திருந்தார். மாலை வெயிலில் பழைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, “செயின்தான்டா சைக்கிளோட இதயம்” என்று பேரனுக்குச் சொல்கிற தாத்தா. கடைசிப் பத்தியில் அவர் மறுபடியும் வந்து போனார்.

அனுபவத்தைச் சேர்க்கச் சொன்னால் அனுபவம் போல் தோற்றமளிக்கும் ஒன்று வந்து சேரும். அதையும் இயந்திரம் சலிக்காமல் செய்துகொடுக்கும். கேட்ட விதத்தில்தான் கோளாறு. அதனால் போனில் கூப்பிட்டேன். கட்டுரையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, தொழிலைப் பற்றித்தான் கேட்டேன். புதுச் செயின் மாட்டிக்கொண்டு போனவர்கள் யாராவது திரும்பி வந்து குறை சொன்னதுண்டா?

“வருவாங்க சார். மிதிச்சு ஏறும்போது செயின் தாவுதும்பாங்க. அது செயின் தப்பு இல்லை. பழைய செயினும் ஃப்ரீவீல் பல்லும் ஒண்ணா தேஞ்சு ஒண்ணுக்கொண்ணு பழகியிருக்கும். அதுல புதுச் செயினைப் போட்டா உக்காராது, மேல ஏறித் தாவும். அதனாலதான் கழட்டுறதுக்கு முன்னாடியே ஸ்கேல் வச்சுப் பார்த்துடுவேன். பன்னிரண்டு இன்ச்சுக்கு அரை நூல் கூடியிருந்தா செயினை மட்டும் மாத்தினா போதும். ஒரு நூல் போயிடுச்சுன்னா பல்லையும் சேர்த்துதான் மாத்தணும்.”

நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, பட்டறைக் கணக்கு. செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஆகவே புதுச் செயினில் இருபத்து நான்கு இடைவெளி சரியாக 12 இன்ச் இருக்கும், மில்லிமீட்டரில் 304.8. அரை நூல் கூடினால் கிட்டத்தட்ட 306.4, ஒரு நூல் கூடினால் 308. அவர் போகிற போக்கில் சொன்ன இந்த இரண்டு அளவும், சைக்கிள் கருவி செய்பவர்கள் சொல்லும் அரை சதவீதம், ஒரு சதவீதத் தேய்மானத்தோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகின்றன. கட்டுரையில் இதே இடத்தில் இருந்த வாக்கியம்: “செயின் தேய்மானமடைந்ததும் உரிய நேரத்தில் மாற்றுவது அவசியம்.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் அவருக்கு எழுதி அனுப்பிய குறிப்பை, அவருடைய அனுமதியோடு கீழே தருகிறேன்.

*

ஐயா, வணக்கம்.

உங்கள் கட்டுரையை இப்போதுள்ள வடிவில் வெளியிட முடியாது. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படித்தால் இயந்திரம் எழுதியது போல் இருக்கிறது. அப்படித்தான் எழுதினீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. எழுத்தை மட்டும் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. வரைவு எப்படி உருவானது என்று நீங்களே சொன்னால் போதும். எங்கள் விதி இவ்வளவுதான்: பிழை பார்க்கவும் தட்டெழுதவும் எந்தக் கருவியையும் பயன்படுத்தலாம், சொல்லப்படும் விஷயம் உங்களுடையதாக இருக்கவேண்டும், அதில் தப்பு வந்தால் பதில் சொல்பவரும் நீங்களாக இருக்கவேண்டும்.

ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதற்கு இரண்டு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, “உரிய நேரத்தில் மாற்றுவது அவசியம்.” இந்த வாக்கியம் ஒருபோதும் தப்பாகாது. யாரும் இதை மறுக்க முடியாது. அதனாலேயே இதை வைத்துக்கொண்டு எதுவும் செய்யவும் முடியாது. தன் சைக்கிளுக்கு அந்த உரிய நேரம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் வாசகர் கட்டுரையைத் திறந்திருப்பார். நீங்கள் போனில் ‘அரை நூல்’ என்றீர்கள். அது தப்பாக இருக்க வாய்ப்புள்ள வாக்கியம். வேறொரு மெக்கானிக் ‘அதெல்லாம் முக்கால் நூல் வரைக்கும் ஓட்டலாம்’ என்று உங்களோடு சண்டைக்கு வரலாம். தொழில் தெரிந்தவர் பேச்சில் இப்படிச் சண்டைக்கு இடம் கொடுக்கிற வாக்கியங்கள் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் கட்டுரையில் அப்படி ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது, “செயின் எப்போதும் இறுக்கமாக இருப்பதை உறுதி செய்யவும்.” எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான். போனில் நீங்களே சொன்னீர்கள், கியர் இல்லாத சைக்கிளில் செயினை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பேரிங் சீக்கிரம் போய்விடும், நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் அரை இன்ச்சாவது ஆடவேண்டும் என்று. செயின் வீல் கச்சிதமான வட்டமாக இருக்காது என்பதால், பெடலைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில்தான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னீர்கள். அப்படியானால் கட்டுரையில் உள்ளது நீங்கள் நம்பாத ஒரு வாக்கியம். உங்கள் பெயரைப் பார்த்து நம்பி யாராவது அதன்படி செய்தால் கெடுவது அவருடைய பேரிங்.

சின்ன விஷயம் ஒன்று. ஒரே பொருள் ஓரிடத்தில் செயின், இன்னோரிடத்தில் சங்கிலி, வேறோரிடத்தில் இயக்கத்தொடர் என்று வருகிறது. எண்ணெயும் அப்படியே: உயவுப்பொருள், மசகு, லூப்ரிகன்ட். புதிதாகச் செய்து பார்ப்பவர் மூன்றும் வேறு வேறு பொருள் என்று நினைத்துக் குழம்புவார். உங்கள் வாயில் வருகிற பெயர் எதுவோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவை எடுத்துவிடுங்கள். அவர் உண்மையானவராகவே இருந்தாலும், இந்தக் கட்டுரையில் அவருக்கு வேலை இல்லை. அவர் சொல்வது எதுவும் செயினைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்திலிருந்து ‘அனுபவத்தைச் சேருங்கள்’ என்று எழுதியது இப்படி ஒரு கதையைக் கேட்டு அல்ல. ‘மிதித்து ஏறும்போது தாவுகிறது’ என்று திரும்பி வந்தவரைப் பற்றிச் சொன்னீர்களே, நாங்கள் கேட்டது அதைத்தான்.

இப்போது என்ன செய்யலாம் என்றால், இந்த வரைவைத் திருத்த வேண்டாம். சொற்களை மாற்றுவது, வாக்கியங்களை வெட்டி ஒட்டுவது, இயந்திரச் சாயல் தெரியாமல் பூசி மெழுகுவது, இவை எதுவும் பயன் தராது. உள்ளே விஷயம் இல்லாதபோது மேலே என்ன மாற்றினாலும் அதே காலி இடம்தான். இதை ஓரமாக வைத்துவிட்டு, கீழே கேட்பவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல் பதில் சொல்லி, போனில் பதிவுசெய்து, அப்படியே தட்டெழுதி அனுப்புங்கள்.

செயினை எங்கிருந்து எங்குவரை, எப்படிப் பிடித்து அளக்கிறீர்கள்? ஸ்கேலை வைப்பதில் மற்றவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு என்ன? எண்ணெயை எந்த இடத்தில் விடுகிறீர்கள், விட்ட பிறகு என்ன செய்கிறீர்கள், அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? எண்ணெய் போட்டும் சத்தம் போகாத சைக்கிள் வந்தால் முதலில் எங்கே பார்ப்பீர்கள்? உங்களுக்குப் பழக்கமில்லாத சைக்கிள் வகை எது?

எழுத்துப்பிழை, சந்தி, வரிசை எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். செயின்மேல் ஸ்கேல் வைத்த படம் ஒன்று மட்டும், கோடுகள் தெரிகிற மாதிரி பக்கத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள்.

*

அவர் பதிலை எழுதவில்லை, கூப்பிட்டார். “எனக்கு எழுத வராதுன்னு பையன்கிட்ட சொன்னேன் சார். அவன் தலைப்பைப் போட்டு ஏதோ வரவச்சுக் கொடுத்தான். படிச்சுப் பார்த்தேன், பேப்பர்ல வர்ற மாதிரியே இருந்துச்சு. சரின்னு அனுப்பிட்டேன். எங்க தாத்தா சைக்கிளே வச்சிருந்ததில்லை.” இதில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. தன் பேச்சு அச்சேறத் தகுதியில்லாதது என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்பை உண்டாக்கியதில் எங்களைப் போன்ற இதழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வழவழப்பான நடையைத்தான் இவ்வளவு காலம் முதல் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். இறுக்கம் பற்றிய வாக்கியத்தை எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். “அது கண்ணுல படவே இல்லை சார்” என்றார். சரளமான நடையின் ஆபத்து இதுதான். தொழில் தெரிந்தவர் கண்ணையே அது வழுக்கிக்கொண்டு போகவைக்கிறது.

மூன்றாவதாக வந்தது பாதி நீளம்கூட இல்லை. எழுத்துப்பிழைகள் நிறைய. அளப்பது பற்றிய பகுதி, பிழை மட்டும் திருத்தியபின், இப்படி இருந்தது:

“செயினை இழுத்து விறைப்பா பிடிச்சுக்கணும், தொங்கவிட்டு அளந்தா கணக்குத் தப்பும். ஸ்கேலோட முனை தேஞ்சிருக்கும், அதனால பூஜ்யத்துல வைக்காம ஒண்ணாம் நம்பர் கோட்டை ஒரு பின்னோட நடுவுல வைங்க. இந்தப் பக்கம் பதிமூணாம் நம்பர் கோடு ஒரு பின்னோட நடுவுல வந்தா செயின் புதுசு மாதிரி. பின்னோட நடு அந்தக் கோட்டைத் தாண்டி அரை நூல் போயிருந்தா மாத்திடுங்க. செயின் நீண்டுபோச்சுன்னு சொல்றோமே தவிர தகடு நீளுறதில்லை. பின்னும் அது உக்கார்ற ஓட்டையும் தேயுது. ஒவ்வொண்ணுலயும் துளித்துளியா தேயுறது மொத்தமா சேர்ந்து நீளமா தெரியுது.”

அலுவலக வாசலில் நின்றிருந்த ஒரு சைக்கிளில் நாங்களே ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். பின்னின் நடு பதிமூன்றைத் தாண்டி அரை நூலுக்குச் சற்றுக் கூடுதலாகவே நின்றது. உதவி ஆசிரியர் முதலில் பூஜ்யத்திலிருந்து அளந்து வேறொரு அளவு சொன்னார். ஸ்கேலின் முனை உண்மையிலேயே உருண்டு போயிருந்தது.

எண்ணெய் பற்றி அவர் எழுதியதில் ஒரு கேள்வி எழுந்தது. கீழ்ச் செயினின் உட்புறத்தில், ஒவ்வொரு ரோலர் மேலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். விட்ட எண்ணெயை ஏன் துடைக்கவேண்டும் என்று உதவி ஆசிரியர் கேட்டதும் பதில் உடனே வந்தது: வெளியே இருக்கும் எண்ணெய் செயினுக்கு எந்த வேலையும் செய்யாது, மண்ணைப் பிடித்து வைக்கும், அந்த மண்ணும் எண்ணெயும் கலந்து அரைக்கிற பசை மாதிரி பின்னைத் தேய்க்கும். கட்டுரையில் இல்லாத கேள்விக்கு அவரால் யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்ததில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. ‘அரை நூல்’ என்ற எண் மட்டும் இருந்திருந்தால் வந்திருக்காது. துல்லியமான எண்களை இயந்திரமும் தரும், சில நேரம் சரியாகவே தரும். எண்ணுக்குப் பின்னால் ‘ஏன்’ என்று ஒன்றும், ‘அப்படிச் செய்யாவிட்டால்’ என்று இன்னொன்றும் கேட்டு, எழுதியவரிடமிருந்து என்ன வருகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஓரளவு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாத துறையில் இப்படி ஒரு கட்டுரை வந்தால், அந்தத் துறைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் போன் பேசவேண்டியிருக்கும்.

இந்த வழி எல்லா எழுத்துக்கும் செல்லாது. செயின்மேல் ஸ்கேல் வைக்கலாம். கருத்துக் கட்டுரைக்கோ இரங்கல் குறிப்புக்கோ அப்படி வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. அங்கே எழுதியவரின் சொல்லை நம்புவதைத் தவிர இப்போதைக்கு எங்களிடம் வேறு ஏற்பாடு கிடையாது.

வெளியிட்டபோது கட்டுரையின் அடியில், ‘கட்டுரையாளர் பேசியதை அவர் மகன் தட்டெழுதியது; எழுத்துப்பிழைகளை மட்டும் இதழ் திருத்தியது’ என்று ஒரு வரி சேர்த்தோம். முதல் வரைவில் கியர் சைக்கிள், மலையேற்ற சைக்கிள், மின்சார சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனித் துணைத்தலைப்போடு பத்திகள் இருந்தன. கடைசிக் கேள்விக்கு அவர் அனுப்பிய பதிலில் அவை எல்லாமே போய்விட்டன: “பத்துப் பதினோரு கியர் வண்டி என்கிட்ட அதிகம் வராது சார். செயின் மெல்லிசா இருக்கும், கணக்கு வேறன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதை நான் எழுத வேண்டாம்.”